மார்கழிக் குளிரில் கன்றும் குஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து தை முடியும்வரை மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் மாடும் கோழியும் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் பாதி கன்றுக்கு, அடுத்தது குஞ்சுக்கு.

நம்ம மதுரையில என்னங்க பெரிய குளிரு? கன்னுக்குட்டிக்கு இதெல்லாம் ஒரு குளிரா?

உடம்பு காய்ந்திருந்து, படுக்கை காய்ந்திருந்து, காற்றும் மேலே படாமல் இருந்தால் குளிரே இல்லைதான். அப்படி இருக்கிற இளங்கன்று 15 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சிரமப்படாது. மதுரையில் மார்கழி விடிகாலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வயல்வெளியிலும், நாகமலை, அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலும் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

ஆனால் இந்தக் கணக்கு காய்ந்த கன்றுக்கு மட்டும். பிறந்து ஈரம் காயாத கன்று, மூத்திரத்தில் ஊறிய தரையில் படுத்த கன்று, சாரலில் நனைந்த கன்று இவற்றின் மேல் வாடைக்காற்று பட்டால், ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். 20 டிகிரியிலேயே அந்தக் கன்று நடுங்கும். பால் குடித்துச் சேர்த்த சத்தெல்லாம் சூடு காக்கவே செலவாகிவிடுவதால் எடை ஏறாது, எதிர்ப்புச் சக்தியும் குறையும். ஒரு வாரம் கழித்துக் கழிச்சலோ சளியோ வரும்போது நாம் பாலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இந்தப் பக்கத்தில் போராட்டம் ஈரத்தோடும் காற்றோடும்தான். வெப்பமானியில் தெரிகிற எண்ணோடு அல்ல.

கோழிக்குஞ்சுக்கும் அதே கணக்குத்தானா?

இல்லை. கன்று பிறந்தவுடனே தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். குஞ்சுக்கு முதல் பத்து நாளுக்கு அந்தத் திறமை சரியாக வராது. மேலே இருப்பது இறகு அல்ல, வெறும் பூமயிர். முதல் வாரம் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் புரட்டாசி ராத்திரிகூட குஞ்சுக்குக் குளிர்தான். அதனால் கன்றுக்குப் படுக்கையும் காற்றுத் தடுப்பும் போதும். குஞ்சுக்கு அவற்றோடு வெளியிலிருந்து சூடும் கொடுத்தாக வேண்டும்.

கன்னுக்குட்டிக்குக் கீழ என்ன போடலாம்? நான் நாலு சாக்கை விரிச்சு விட்டிருக்கேன், போதாதா?

சாக்கு மட்டும் போதாது. அது மூத்திரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். முதல் ராத்திரி மெத்தையாகத் தெரிவது மறுநாள் ஈரத்துணி. ஈரத்தை இழுக்க அடியில் ஒன்று, கன்று புதைந்து படுக்க மேலே ஒன்று என்று இரண்டு அடுக்கு வேண்டும்.

அடியில் 2 அங்குலத்துக்கு உமி, கடலைத்தொலி, காய்ந்த தென்னை நார்க்கழிவு இவற்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். மேலே வைக்கோல். நாலுக்கு ஐந்து அடி இடத்துக்குத் தொடக்கத்தில் 10 கிலோ வைக்கோலை உதறிப் போட்டால் அரையடி உயரம் நிற்கும். தினமும் காலையில் நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு ஒன்று, ஒன்றரைக் கிலோ மேலே தூவினால் போதும். முழுவதையும் தினம் மாற்றினால் படப்பு சீக்கிரம் காலியாகும், வேலையும் இரட்டிக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புத் தோகை தாராளமாகக் கிடைக்கும். அதைப் போடலாம்; ஆனால் வைக்கோல் அளவுக்கு ஈரம் இழுக்காது, ஓரமும் அறுக்கும். அடி அடுக்காக நறுக்கிப் போட்டு மேலே வைக்கோல் விரிப்பதே நல்லது. மழையில் நனைந்து கறுத்த, பூசணம் பிடித்த வைக்கோலை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கன்றின் மூக்கு ராத்திரி முழுக்க அதற்குள்ளேதான் இருக்கும்.

வைக்கோல் போதுமா என்று தெரிந்துகொள்ள, கன்று படுத்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கால்கள் வைக்கோலுக்குள் மறைந்திருந்தால் போதும். முழங்காலும் குளம்பும் வெளியே தெரிந்தால் இன்னும் இரண்டு கை போடுங்கள்.

மேல பாத்தா காஞ்சுதான் இருக்கு. ஈரம் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கன்று வழக்கமாகப் படுக்கும் இடத்தில் நீங்களே மண்டி போட்டு, இருபது வரை எண்ணுங்கள். எழும்போது கைலியின் முழங்கால் பகுதி ஈரமாகவோ சில்லென்றோ இருந்தால் அந்தப் படுக்கை தோற்றுவிட்டது. கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். கை மேல்பரப்பைத்தான் தொடும். கன்றின் எடை அடியில் இருக்கும் ஈரத்தை மேலே கொண்டுவரும்.

ஒரு வாரத்திலேயே இந்தச் சோதனையில் தோற்றால் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். தாய்மாட்டின் மூத்திரம் கன்று கட்டும் மூலைக்கு ஓடிவரும் கொட்டங்கள் நிறைய. அங்கே எவ்வளவு வைக்கோல் போட்டாலும் வீண். கன்றை மேட்டுப் பக்கம் மாற்றுங்கள், அல்லது நடுவே ஒரு வரிசை செங்கல் வைத்து மண் பூசித் தடுத்துவிடுங்கள்.

கொட்டத்துல நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியாச்சு. அப்படியும் காலையில நடுங்குதே, ஏன்?

தார்ப்பாயின் அடி ஓரத்தைப் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து நாலு அங்குலம், அரையடி தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே வர வேண்டிய காற்றெல்லாம் அந்த இடுக்கில் சீறிக்கொண்டு நுழைகிறது, கன்று படுத்திருக்கும் உயரத்திலேயே. தார்ப்பாய் இல்லாமல் இருந்தால்கூட அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

காற்றை அடைக்க வேண்டியது கீழ் மூன்றடிக்குத்தான். இந்தக் காலத்தில் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவதால் அந்த இரண்டு பக்கத்தில் மட்டும் கிடுகுத் தட்டியோ தார்ப்பாயோ கட்டி, அடி ஓரத்தை மண் நிரப்பிய சாக்கால் அழுத்திவிடுங்கள். மூன்றடிக்கு மேலே கூரை வரைக்கும் திறந்தே இருக்கட்டும். மற்ற இரண்டு பக்கமும் அடைக்கத் தேவையில்லை.

சரியாக அடைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல், கன்று படுத்திருக்கும் இடத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிடியுங்கள். புகை மெல்ல மேலே போய் அப்புறம் கலைந்தால் சரி. கிளம்பும்போதே ஒரு பக்கமாகப் படுத்தால் எதிர்ப் பக்கத்தில் இடுக்கு இருக்கிறது. புகையின் திசையை வைத்து அதைத் தேடி அடையுங்கள். பார்த்து முடித்ததும் பத்தியைத் தண்ணீரில் அணைத்துவிட்டு வாருங்கள். கீழே கிடப்பது வைக்கோல்.

காத்தே வரக்கூடாதுன்னு மேலயும் கீழயும் இறுக்கி மூடிட்டேன். விடிஞ்சா தகரத்துலருந்து தண்ணி சொட்டுது, கன்னு இருமுது.

மாடு விடும் மூச்சிலும் மூத்திரத்திலும் இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. கூடவே மூத்திர நெடி, அதாவது அமோனியா, உள்ளேயே தங்கி நுரையீரலைப் புண்ணாக்குகிறது. இருமலுக்குக் காரணம் அதுதான். குளிர் தாங்காமல் செத்த கன்றைவிட மூடிவைத்துச் சளி முற்றிச் செத்த கன்றுகள் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

முந்தைய பதிலில் சொன்ன மாதிரி மூன்றடிக்கு மேலே திறந்துவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில், கன்று கட்டும் மூலையில் மட்டுமாவது, கிடுகைப் படல் மாதிரி கட்டிவிட்டால் சொட்டு கன்றின் மேல் விழாது. நெடி அளவு மீறியதா என்று பார்க்க, விடிகாலையில் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை அதன் மூக்கு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் மீறிவிட்டது. நின்றபடி முகர்ந்தால் தெரியாது.

கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுறோம். குளிருக்கும் ஆகும்ல?

குளிருக்கு அது உதவாது. மூட்டம் புகையைத்தான் தரும், சூட்டைத் தராது. கொசுவுக்கு வேண்டுமானால் சாயங்காலம் அரை மணி நேரம், கொட்டத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் போட்டுவிட்டு, படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். ராத்திரிக் கொசுவுக்கு வலை கட்டுவதுதான் வழி.

கன்னுக்கு மேல சாக்கு போத்திவிடலாமா?

பிறந்து மூன்று வாரத்துக்குள் இருக்கும் கன்று, நோய்ப்பட்டு எழுந்த கன்று, எடை குறைவாகப் பிறந்த கன்று இவற்றுக்குப் போர்த்தலாம். கோணிச்சாக்கைப் பக்கவாட்டில் கிழித்து இரட்டையாக மடித்து முதுகில் போட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு கயிறு, வயிற்றின் பின்பக்கம் ஒரு கயிறு என்று தளர்வாகக் கட்டுங்கள். உள்ளங்கை உள்ளே போகிற அளவு இடம் இருக்க வேண்டும். கழுத்தில் கட்டவே கூடாது. கடாரிக் கன்றைவிடக் காளைக் கன்றுக்குப் பின்கயிற்றில் கவனம் வேண்டும். அது மூத்திரம் போகும் இடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரிக்குள் நனைந்துவிடும்.

காலையில் வெயில் வந்ததும் கழற்றிக் காயப்போடுங்கள். மதுரைப் பகலில் 28, 30 டிகிரி வந்துவிடும். சாக்கோடு நிற்கும் கன்று வியர்க்கும், அந்த வியர்வையே சாயங்காலம் ஈரமாகி எதிரியாகும். நனைந்த சாக்கைப் போர்த்துவதைவிடப் போர்த்தாமல் விடுவது மேல்.

நஞ்சுக்கொடி விழுந்த பெறகுதான் சீம்பால் குடுக்கணும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்களே?

காத்திருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி விழ எட்டு, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கன்று பிறக்கும்போது உடம்பில் கொஞ்சம் கொழுப்புத்தான் கொண்டுவருகிறது. அதை எரித்துத்தான் முதல் சில மணி நேரம் சூடு காக்கிறது. ராத்திரி ஒன்பதுக்குப் பிறந்த கன்றுக்கு விடியும்வரை சீம்பால் கிடைக்காவிட்டால், குளிர் உச்சத்தில் இருக்கும் நாலு மணிக்கு அதன் கையிருப்பு தீர்ந்திருக்கும். தவிர, கன்று ஊட்டும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். நஞ்சுக்கொடி விழவும் அது உதவும்.

பிறந்ததும் தாயை நக்கவிடுங்கள். நக்காவிட்டால் காய்ந்த சாக்கால் முடியின் எதிர்த்திசையில் பரபரவென்று தேய்த்து முழுக்க உலர்த்துங்கள். தொப்புளை டிங்சர் அயோடினில் முக்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர், முதல் ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு தடவையாகக் கொடுங்கள். புலிக்குளம் மாதிரி நாட்டுக் கன்றுகள் எடை குறைவாகப் பிறக்கும். எடைக்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கறந்து வெச்ச பாலை எந்தச் சூட்டுல குடுக்கணும்?

மடியிலிருந்து வரும் சூட்டில், 38, 39 டிகிரியில். மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலு சொட்டு விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். ஆறின பாலை உடம்பே சூடாக்கிக்கொள்ளுமே என்று கேட்பார்கள். சூடாக்கிக்கொள்ளும்தான், அதற்காகும் சத்து பெரிய நட்டமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கன்றின் வயிற்றில் பால் தயிர் மாதிரி உறைந்து மெதுவாகச் செரிக்க வேண்டும். அந்த உறைதல் உடம்புச் சூட்டில்தான் ஒழுங்காக நடக்கும். சில்லென்ற பால் சரியாக உறையாமல் குடலுக்குப் போனால் கழிச்சலில் முடியலாம். பாதி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஆறின பாலில்தான்.

சூடாக்குவதற்கு அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஒரு வாளியில் கை பொறுக்கிற வெந்நீர் ஊற்றி, பால் தூக்கை அதற்குள் வைத்து கிண்டிவிடுங்கள். சீம்பாலுக்கு இது கட்டாயம். கொதிக்க வைத்தால் திரிந்து கெட்டியாகிவிடும். அதற்குள் இருக்கும் எதிர்ப்புப் பொருளும் அழிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது வழக்கமான கணக்கு. குளிர் ராத்திரிகளில் 25 கிலோ கன்றுக்குக் கால் லிட்டர் கூட்டிக் கொடுங்கள். அதைவிட முக்கியம் நேரம். சாயங்காலம் ஐந்துக்கும் காலை ஆறுக்கும் மட்டும் கொடுத்தால் நடுவே பதின்மூன்று மணி நேர இடைவெளி. அதே பாலை மூன்றாகப் பிரித்து, மூன்றாவதை ராத்திரி ஒன்பது, பத்துக்குக் கொடுங்கள். தாயிடம் விட்டுப் பத்து நிமிடம் ஊட்டவிட்டாலும் சரி. சூடும் அளவும் தானாகவே சரியாக இருக்கும்.

காலையில போய்ப் பாத்தா கன்னு தலையைச் சாச்சுப் படுத்துக் கெடக்கு, காதெல்லாம் சில்லுனு இருக்கு. ஒடனே பால் ஊத்தலாமா?

முதலில் விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் சூடாக இருந்து விரலை இழுத்துச் சூப்பினால் இளஞ்சூட்டில் பால் கொடுத்து, காய்ந்த படுக்கைக்கு மாற்றுங்கள், தேறிவிடும். வாய்க்குள்ளும் சில்லென்று இருந்து, சூப்பவும் இல்லை என்றால் பால் ஊற்றவே கூடாது. விழுங்கத் தெரியாத நிலையில் ஊற்றுகிற பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

மனிதருக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 வரை சரியான சூடு. 37.5-க்குக் கீழே குளிர் தாக்கிவிட்டது. 35-க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. எண் காட்டாமல் Lo என்று வந்தால் 32-க்கும் கீழே போய்விட்டது என்று பொருள். கருவி பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். 35-க்குக் கீழே இருந்தால் சூடேற்றத் தொடங்கும்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கும் சொல்லலாம்.

சூடேற்றும் முறை: ஈரம் இருந்தால் துடைத்துத் தேய்த்து முழுக்க உலர்த்துங்கள். வைக்கோலில் குழி மாதிரி செய்து, கால்களை மடித்து நெஞ்சு கீழே இருக்கும்படி உட்கார வையுங்கள். பக்கவாட்டில் சாயவிட வேண்டாம். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி முன்னங்கால் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். மேலே சாக்கு போர்த்துங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பாருங்கள், 37.5-ஐத் தாண்டி விரலைச் சூப்பத் தொடங்கியதும் அரை லிட்டர் பால் கொடுங்கள், இரண்டு மணி கழித்து மறுபடி அரை லிட்டர். அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் கிடத்தாதீர்கள். உணர்வு மரத்த தோல் வெந்தாலும் கன்று நகராது. பிராந்தி புகட்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே மிச்சமிருக்கும் சூடும் வெளியே போய்விடும்.

நூறு குஞ்சு எறக்கப் போறேன், மார்கழியில. எத்தனை பல்பு, எவ்வளவு எடம்?

குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 200 வாட். ஒரே பல்பாக வேண்டாம். இரண்டு 100 வாட் குண்டு பல்பு போடுங்கள். நடுராத்திரி ஒன்று போனாலும் மற்றது நிற்கும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கவிடுங்கள். ஒயரைப் பிடித்து மட்டும் தொங்கினால் அறுந்து உமியில் விழுந்து தீப்பிடிக்கும்.

தகரத் தகடு அல்லது கெட்டி அட்டையால் ஒன்றரை அடி உயர வளையம், குறுக்களவு 6 அடி. அதற்கு 19 அடி நீளத் தகடு வேண்டும். வட்டமாகத்தான் இருக்க வேண்டும். மூலை இருந்தால் குளிரில் குஞ்சுகள் அங்கே போய்க் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். உள்ளே 2 அங்குலம் உமி, மேலே முதல் மூன்று நாளைக்கு மட்டும் பேப்பர். வழுவழுப்பான பேப்பராக இருந்தால் கால் வழுக்கி அகன்றுவிடும். செய்தித்தாளைக் கசக்கி விரியுங்கள். தவிட்டை உமி என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், குஞ்சு அதைத் தின்றே வயிற்றை நிரப்பிக்கொள்ளும், ஈரம் பட்டால் பூசணமும் பிடிக்கும்.

பல்பைக் குஞ்சு வருமுன் ஐந்தாறு மணி நேரமாவது எரியவிட்டு உமியைச் சூடாக்குங்கள். மேல்காற்று சூடாகவும் உமி சில்லென்றும் இருப்பது இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. குஞ்சு விட்ட ஒரு மணி நேரத்தில் ஒன்றை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உமி சூடாகவில்லை.

உமிக்கு 2 அங்குலம் மேலே முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து 90, 85, 80 என்று வாருங்கள். மூன்றாவது வாரத்தில் மதுரைப் பகல் வெயிலே 85-ஐத் தொட்டுவிடும், பகலில் பல்பை அணைக்கலாம். ராத்திரி அணைக்கக் கூடாது. பகலில் அணைத்ததை மறந்து சாயங்காலம் போடாமல் விட்டுத்தான் மூன்று வாரக் குஞ்சுகள் சாகின்றன.

பல்பு எரியுது, அப்படியும் ஒரே பக்கமா ஒண்டுதுங்க.

குஞ்சின் நிலைதான் நம்பகமான தெர்மாமீட்டர். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை, பல்பை மூன்று அங்குலம் இறக்குங்கள். வளையத்தை ஒட்டி விலகி வாய் பிளந்து இறக்கை விரித்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். வட்டத்தில் பரவி, சில தின்றும் சில தூங்கியும் இருந்தால் சரி. நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. பல்பை இறக்கிப் பயனில்லை. கன்றுக்குச் சொன்ன ஊதுபத்திச் சோதனையை வளையத்துக்கு வெளியே, தரையிலிருந்து நாலு அங்குலத்தில் செய்யுங்கள். பெரும்பாலும் கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்குதான்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சுன்னா என்ன பண்றது?

மூடி இறுகும் இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் ஐந்தைந்து லிட்டர் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், 70 டிகிரி அளவில், விரலை வைத்தால் உடனே எடுக்கிற சூட்டில். இரட்டைச் சாக்கில் சுற்றி, வளையத்தின் நடுவே ஓர் அடி இடைவெளியில் வையுங்கள். பத்து லிட்டர் தண்ணீர் 70-லிருந்து 40-க்கு ஆறும்போது வெளிவிடும் சூடு, 200 வாட் பல்புகள் ஒன்றேமுக்கால் மணி நேரம் எரிவதற்குச் சமம். அதனால் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். வளையத்தைச் சுருக்கிக் குறுக்களவு நாலடி ஆக்கி, மேலே முக்கால் பாகம் சாக்கால் மூடி, கால் பாகத்தை மூச்சுக்கு விடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் இந்தச் சூட்டில் ஊற்றினால் நெளிந்து ஒழுகும். குஞ்சு நனைந்துவிட்டால் எல்லாம் வீண்.

கரித்தணலை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நெடி கிடையாது; குஞ்சுகள் தூங்குவது மாதிரியே செத்துக் கிடக்கும், பார்க்கப் போன ஆளும் மயங்கி விழலாம்.

நமக்கு பல்பெல்லாம் இல்லீங்க. தாய்க்கோழியோட பஞ்சாரத்துல போட்டுக் கவுத்துறோம். அதுக்கு என்ன செய்யணும்?

தாய்க்கோழியைவிட நல்ல சூடு கிடையாது. ஆனால் அதன் இறக்கைக்கு ஓர் அளவு உண்டு. சிறுவிடைக் கோழி குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத்தான் முழுக்க மூடும். பதினைந்தை விட்டால் ஓரத்தில் நிற்கும் மூன்று நாலு ஒவ்வொரு ராத்திரியும் வெளியே நிற்கும்; மெலிவது அவைதான். பஞ்சாரத்துக்குக் கீழே வெறும் மண்தரையாக விடாமல் சாக்கு விரித்து இரண்டு அங்குலம் உமி போடுங்கள். வடக்குப் பக்கம் பாதியளவுக்கு அடியிலிருந்து சாக்கு சுற்றுங்கள்; உச்சியை மூடாதீர்கள். காலையில் பனி இறங்கிப் புல் காய்ந்த பிறகு, எட்டு எட்டரைக்கு மேல் திறந்துவிடுங்கள். வயிறு நனைந்த குஞ்சைத் தாய் மூடினாலும் சூடேற நேரமாகும்.

குஞ்சுக்குச் சுடுதண்ணி வைக்கணுமா?

சுடுதண்ணீர் வேண்டாம், சில்லென்று இல்லாத தண்ணீர் போதும். மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரி கிடந்த தண்ணீரை விடிகாலையில் நேராகப் பிடித்து வைத்தால் குஞ்சு வாய் வைத்துவிட்டு விலகிவிடும். தண்ணீர் குடிக்காத குஞ்சு தீவனமும் எடுக்காது. கொஞ்சம் வெந்நீர் கலந்து கையில் சில் என்று படாத பதத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். இறக்கிய முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்துக் கொடுக்கலாம். தொடர்ந்து கொடுத்தால் பிசுபிசுத்து எறும்பும் கழிச்சலும் வரும். அகலத் தட்டில் வைத்தால் குஞ்சு இறங்கி நனையும். கூம்புத் தண்ணீர்க் குவளை வையுங்கள், அல்லது தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள்.

ராத்திரி படுக்கப் போகும்போது நாலைந்து குஞ்சுகளின் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிறைந்து கொழகொழவென்று இருந்தால் தின்று குடித்திருக்கிறது. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் தண்ணீர் போகவில்லை. காலியாக இருந்தால் குளிரில் ஒண்டியே பொழுதைப் போக்கியிருக்கிறது. பல்பையும் காற்றையும் மறுபடி பாருங்கள்.

மாசி பொறந்தா எல்லாத்தையும் எடுத்துறலாமா?

பகல் வெயிலைப் பார்த்து எடுக்காதீர்கள். மாசியில் பகல் 33, 34 வரைக்கும் போனாலும் விடிகாலை 21-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏற்ற இறக்கம் மார்கழியைவிட அதிகம். கன்றுக்கு முதலில் சாக்குப் போர்வையை நிறுத்துங்கள், அடுத்தது கூடுதல் பாலை. வடக்குத் தட்டியைக் கடைசியாக, வாடை நின்று தென்றல் திரும்பிய பிறகு அவிழ்க்கலாம். வைக்கோல் படுக்கையை மட்டும் கோடையிலும் வைத்திருங்கள். ஈரத்துக்கு மாதம் கிடையாது. குஞ்சுக்கு மாதக் கணக்கே வேண்டாம். முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடியதா என்று ஊதிப் பாருங்கள். ஊதும்போது தோல் தெரிந்தால் ராத்திரிக்கு ஒரு பல்பாவது இருக்கட்டும்.